42 ஜிபி பேக் போட்டும் நெட் நின்றுபோவது ஏன்? நள்ளிரவு 12 மணிக்கு உங்கள் டேட்டாவுக்கு நடப்பது என்ன?

ஞாயிற்றுக்கிழமை இரவு 10.40 மணி. திண்டுக்கல் பக்கம் ஒரு வீடு. மகள் அரசுத் தேர்வுக்கான விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருக்கிறாள். கடைசித் தேதி அன்றுதான், இரவு 11.59 மணியோடு இணையதளம் மூடிவிடும். போட்டோ ஏறிவிட்டது, கையெழுத்தும் ஏறிவிட்டது. 3 எம்பி அளவுள்ள சான்றிதழ் பிடிஎஃப் மட்டும் ஏறாமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"அம்மா, உன் ஹாட்ஸ்பாட்ல நெட்டே வரலைம்மா."

"அது எப்படிடி? போன வாரம்தானே 42 ஜிபி போட்டேன். அதுக்குள்ள தீர்ந்துடுமா?"

அம்மா சொன்னதிலும் தவறில்லை. ரீசார்ஜ் செய்தபோது திட்டத்தின் பெயருக்குக் கீழே '28 நாள், மொத்தம் 42 ஜிபி' என்றுதான் இருந்தது. பத்து நாளில் அதில் கால் பங்குகூடச் செலவாகவில்லை. ஆனாலும் போனில் நெட் ஓடவில்லை. இரண்டுமே உண்மை. இந்த இரண்டு உண்மைகளுக்கு நடுவில் நிற்பதுதான் 'தினசரி அளவு'.

மொத்தம் என்பது கூட்டுத்தொகை மட்டுமே

பிரீபெய்டு திட்டங்களில் டேட்டா இரண்டு விதமாகத் தரப்படுகிறது. ஒன்று, மொத்த டேட்டா. 28 நாளுக்கு 2 ஜிபி என்றால், அதை முதல் நாளே தீர்க்கலாம், 28 நாளும் இழுத்துப் பிடித்தும் செலவழிக்கலாம். வீட்டில் வாங்கி வைத்த அரிசி மூட்டை மாதிரி. என்றைக்கு எவ்வளவு அளப்பது என்பது நம் விருப்பம்.

இன்னொன்று, தினசரி டேட்டா. நாளுக்கு 1.5 ஜிபி வீதம் 28 நாள். இதையும் 28-ஆல் பெருக்கி '42 ஜிபி' என்று காட்டுகிறார்கள். ஆனால், 42 ஜிபி என்ற ஒரு மூட்டை எங்கேயும் கிடையாது. தினம் ஒரு படி அளந்து தருகிறார்கள். அன்றைக்குச் சமைக்காத அரிசியை நள்ளிரவில் திரும்ப எடுத்துக்கொண்டு, மறுநாளுக்குப் புதுப் படி அளக்கிறார்கள். நேற்று மிஞ்சியது இன்றைக்கு வராது. நாளைக்கு உரியதை இன்றே கேட்கவும் முடியாது.

அந்த அம்மாவின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். திங்கள் முதல் வெள்ளி வரை வேலைக்குப் போய் வருகிறார். வாட்ஸ்அப், இரவு ஒரு சீரியல் என்று நாளுக்குச் சுமார் 0.6 ஜிபி ஆகிறது. 28 நாளில் வேலை நாள்கள் 20. ஆக 12 ஜிபி. சனி, ஞாயிறு எட்டு நாள்களில் வீட்டில் எல்லோரும் அவர் போனைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். 1.5 ஜிபி முழுதும் தீர்ந்துவிடும். எட்டு நாளுக்கும் சேர்த்து இன்னொரு 12 ஜிபி.

மொத்தம் செலவானது 24 ஜிபி. திட்டத்தில் எழுதியிருப்பது 42 ஜிபி. மீதி 18 ஜிபி வேலை நாள்களின் நள்ளிரவுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் காலாவதியாகிவிட்டது. அதே மாதத்தில்தான் எட்டு இரவுகள் 'நெட் ஸ்லோ' என்ற புலம்பலும் வந்தது. மொத்தத்தில் நிறைய மிச்சம், அன்றைக்கு மட்டும் பஞ்சம்!

தீர்ந்த பிறகு கிடைப்பது எவ்வளவு?

தினசரி அளவு தீர்ந்ததும் நெட் முழுக்க நின்றுவிடுவதில்லை. வேகம்தான் குறைக்கப்படுகிறது. இந்தியாவின் தனியார் நிறுவனங்களின் திட்டங்களில் இது பொதுவாக 64 கேபிபிஎஸ். பிஎஸ்என்எல் திட்டங்கள் பலவற்றில் 40 கேபிபிஎஸ். விளம்பரத்தில் 'அன்லிமிடெட்' என்று போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அளவுக்குப் பிறகும் டேட்டா வருகிறது, மிக மெதுவாக.

64 கேபிபிஎஸ் என்பது நொடிக்கு 64 கிலோபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். எனவே நொடிக்கு 8 கேபி. அந்த மகளின் 3 எம்பி பிடிஎஃப்பை இதில் ஏற்றினால், எல்லாம் சரியாக நடந்தால்கூட 6 நிமிடம் 24 நொடி ஆகும். ஆனால், எல்லாம் சரியாக நடப்பதில்லை. பின்னால் வாட்ஸ்அப் போட்டோக்கள் இறங்கிக்கொண்டிருக்கும், ஏதோ ஓர் ஆப் அப்டேட் ஆகிக்கொண்டிருக்கும். எல்லாமே அந்த 8 கேபியைப் பங்குபோட்டுக்கொள்ளும். அதற்குள், 'நேரம் முடிந்தது, மீண்டும் முயற்சிக்கவும்' என்று இணையதளம் வெளியே தள்ளிவிடும்.

மொத்த டேட்டா திட்டத்தில் அளவு தீர்ந்தால் என்ன ஆகும் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். சிலவற்றில் இதே 64 கேபிபிஎஸ். சிலவற்றில் மெயின் பேலன்ஸிலிருந்து எம்பிக்கு 50 காசு வீதம் கழியும். ஒரு ஜிபிக்கு 500 ரூபாய்க்கு மேல் வருகிற கணக்கு அது. பேலன்ஸ் இல்லாவிட்டால் நெட் நின்றுவிடும். ரீசார்ஜ் செய்யும்முன் திட்ட விவரத்தில் 'அளவு முடிந்த பிறகு' என்ன என்று போட்டிருக்கும் வரியைப் பார்த்துவிடுவது நல்லது.

சிக்னலா, டேட்டாவா? கண்டுபிடிப்பது எப்படி?

நெட் மெதுவானதும் பலரும் முதலில் சந்தேகப்படுவது டவரைத்தான். மாடிக்குப் போய் நின்று பார்ப்பார்கள். டேட்டா தீர்ந்திருந்தால் மாடி உதவாது.

வித்தியாசம் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சிக்னல் கோடுகள் முழுதாக இருக்கின்றன, 4ஜி என்றும் காட்டுகிறது, வாட்ஸ்அப்பில் எழுத்து போகிறது, போட்டோ மட்டும் போகவில்லை என்றால் அது பெரும்பாலும் தினசரி அளவு தீர்ந்ததன் அடையாளம். எழுத்துச் செய்தி சில கேபிதான். 8 கேபி வேகத்தில் அது போய்விடும். போட்டோ போகாது. ஸ்பீடு டெஸ்ட் செய்து பார்த்தால் 0.06 எம்பிபிஎஸ் அளவிலேயே நிற்கும். சிக்னல் கோளாறு என்றால் எண் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

இன்பாக்ஸையும் ஒருமுறை பாருங்கள். அன்றைய டேட்டாவில் பாதி முடிந்ததும் ஒன்று, முழுதும் முடிந்ததும் ஒன்று என நிறுவனத்திடமிருந்து எஸ்எம்எஸ் வந்திருக்கும். விளம்பரம் என்று நினைத்துப் படிக்காமல் விட்டிருப்போம். நிறுவனத்தின் சொந்த ஆப்பிலும் அன்றைய மீதி எவ்வளவு என்று தெரியும்.

போனின் செட்டிங்ஸில் காட்டும் டேட்டா கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். அது போன் தானாக எண்ணுவது. பெரும்பாலும் மாதக் கணக்கில் காட்டும். நிறுவனம் தன் நெட்வொர்க்கில் எண்ணுவதுதான் செல்லும். இரண்டுக்கும் சிறு வித்தியாசம் இருக்கும். இன்னொரு விஷயம், ஹாட்ஸ்பாட்டில் மற்றவர்கள் செலவழிப்பதும் நம் அளவில்தான் கழியும்.

நள்ளிரவு 12 மணிக்கு நடப்பது

நம் ஒவ்வொரு எண்ணுக்கும் நிறுவனத்தின் கணினியில் ஒரு மீட்டர் ஓடுகிறது. போன் நெட்டில் இணையும்போது, நெட்வொர்க் அந்த மீட்டரிடம் அனுமதி கேட்கும். மீட்டர் 1.5 ஜிபியையும் மொத்தமாகத் தூக்கித் தராது. சில எம்பி வீதம் சிறு துண்டுகளாகத் தரும். ஒரு துண்டு தீர்ந்ததும் அடுத்தது. அன்றைய அளவு முடிந்ததும், 'இனி இந்த எண்ணுக்கு மெதுவான வேகம்' என்ற உத்தரவு போகும். அந்த நொடியிலிருந்து 64 கேபிபிஎஸ்.

இந்திய நேரப்படி நள்ளிரவு 12 மணிக்கு இந்த மீட்டர் மறுபடி பூஜ்யத்துக்கு வரும். புது நாளின் 1.5 ஜிபி திறக்கும். முந்தைய நாளின் மிச்சம் எவ்வளவாக இருந்தாலும் அழிந்துவிடும்.

அப்படியானால் 12.05-க்கும் சிலருக்கு நெட் மெதுவாகவே இருப்பது ஏன்? மீட்டர் மாறியிருக்கும். ஆனால், 11 மணியிலிருந்து அறுபடாமல் ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புக்குப் பழைய 'மெதுவான வேகம்' உத்தரவே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். புது உத்தரவு வந்து சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். லட்சக்கணக்கான எண்களுக்கு ஒரே நொடியில் மாற வேண்டியிருப்பதால் இந்தத் தாமதம் அபூர்வம் அல்ல.

இதற்கு வைத்தியம் சுலபம். ஏரோப்ளேன் மோடை ஆன் செய்து, பத்து நொடி கழித்து ஆஃப் செய்யுங்கள். பழைய இணைப்பு அறுந்து, போன் புதிதாக இணையும். புதிதாக இணையும்போது மீட்டரிடம் புதிதாகக் கேட்டாக வேண்டும். புது நாளின் வேகம் வந்துவிடும். டேட்டா பேக் போட்ட பிறகும் வேகம் வரவில்லை என்றால் இதே வழிதான். போனை அணைத்துப் போட்டாலும் இதேதான் நடக்கும். அதற்குப் பிறகும், காலை வரையிலும் மாறவில்லை என்றால் 198-க்கு அழைத்துப் புகார் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தூங்கும்போது தீரும் டேட்டா

நள்ளிரவு ரீசெட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரவு 9 மணிக்கு டேட்டா தீர்ந்தபோது பாதியில் நின்ற டவுன்லோடுகள், ஏறாமல் காத்திருக்கும் போட்டோ பேக்கப், ஆப் அப்டேட்கள் எல்லாம் 12 மணிக்குக் கதவு திறந்ததும் ஒன்றாக உள்ளே நுழையும். வாட்ஸ்அப் பேக்கப்பும் ஆண்ட்ராய்டு போன்களில் வழக்கமாக அதிகாலை 2 மணியை ஒட்டி நடக்கும்.

காலையில் எழுந்து காபி குடிப்பதற்குள், 'உங்கள் டேட்டாவில் 50% முடிந்தது' என்று எஸ்எம்எஸ் வந்திருந்தால், யாரோ திருடிவிட்டதாக நினைக்க வேண்டாம். நம் போன்தான் செலவழித்திருக்கிறது. பிளே ஸ்டோர் அப்டேட், வாட்ஸ்அப் பேக்கப், போட்டோ பேக்கப் மூன்றையும் 'வைஃபை மட்டும்' என்று மாற்றிவிட்டால் இந்தக் கசிவு நின்றுவிடும். வீட்டில் வைஃபை இல்லாதவர்கள், டேட்டா மிஞ்சும் வேலை நாள்களில் இரவு 10 மணிக்கு மேல் இவற்றைக் கையால் ஓடவிடலாம். எப்படியும் 12 மணிக்கு அழியப்போகும் டேட்டாதானே!

ஆட்-ஆன் பேக் போடும்முன்

திண்டுக்கல் வீட்டுக்கு மறுபடி வருவோம். மணி 10.55. அன்றைய ரீசெட்டுக்குக் காத்திருக்க முடியாது. புது டேட்டா 12 மணிக்கு வரும், விண்ணப்பம் 11.59-க்கு மூடிவிடும். ஒரே வழி, ஆட்-ஆன் எனப்படும் கூடுதல் டேட்டா பேக்.

இதில் கவனிக்க வேண்டியது வேலிடிட்டி. சில பேக்குகள் ஒரு மணி நேரத்துக்கு. சில ஒரு நாளுக்கு. சில, நம் அடிப்படைத் திட்டம் முடியும் வரைக்கும். 'ஒரு நாள்' என்று போட்டிருந்தால் 24 மணி நேரம் என்று நினைத்துக்கொள்கிறோம். பல பேக்குகளில் அது அன்றைய இரவு 11.59 வரைதான். 10.55-க்கு வாங்கினால் ஒரு மணி நேரம்தான் மிச்சம். அன்றைக்கு அது போதும் என்றால் வாங்கலாம். மிச்சத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், திட்டம் முடியும் வரை செல்லுபடியாகும் பேக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் தினசரி அளவு முதலில் கழியும். அது தீர்ந்த பிறகுதான் ஆட்-ஆனில் கை வைக்கும். தினசரி அளவு தீராத நாள்களில் ஆட்-ஆன் அப்படியே காத்திருக்கும். அதாவது, தினசரித் திட்டத்துக்கு மேல் சின்னதாக ஓர் அரிசி மூட்டை.

டேட்டா தீர்ந்துவிட்டதென்று அதே 28 நாள் திட்டத்தையே இன்னொரு முறை ரீசார்ஜ் செய்பவர்களும் உண்டு. அதனால் இன்றைய இரவுக்குப் பயன் கிடைக்காமல் போகலாம். பொதுவாக, இரண்டாவது ரீசார்ஜ் முதல் திட்டம் முடிந்த பிறகு தொடங்கக் காத்திருக்கும். இன்றைய அளவோடு கூடாது.

'64 கேபிபிஎஸ்ஸில் ஜிபே எப்படித் திறக்கும்?' என்பது அடுத்த கவலை. பணம் செலுத்துவதற்கான தகவல் சிறியதுதான். ஆனால், ஆப் திறந்து, படங்கள் வந்து, வங்கியின் பதில் வருவதற்குள் பல நேரம் முடங்கிவிடும். பணம் போனதா இல்லையா என்ற குழப்பம் வேறு. அந்த மகள் அதைச் செய்யவில்லை. மதுரையில் இருக்கும் மாமாவுக்கு போன் போட்டாள். பேசுவதற்கு டேட்டா வேண்டாமே.

"மாமா, அம்மா நம்பருக்கு ஒரு டேட்டா பேக் போட்டு விடுங்க. திட்டம் முடியற வரைக்கும் வேலிடிட்டி இருக்கற மாதிரி பாருங்க மாமா."

11.10-க்கு ரீசார்ஜ் ஆன எஸ்எம்எஸ் வந்தது. வேகம் வரவில்லை. ஏரோப்ளேன் மோடு, பத்து நொடி, மறுபடி ஹாட்ஸ்பாட். பிடிஎஃப் சில நொடிகளில் ஏறியது. 11.22-க்கு விண்ணப்ப எண் திரையில் வந்தது.

மாமா போனை எடுத்திருக்காவிட்டால்? அப்போதும் ஒரு வழி இருந்தது. இணையதளம் சொல்லும் அளவு விதிக்குள் இருந்தால், போதும் என்கிற தெளிவோடு பிடிஎஃப்பை 200 கேபிக்குச் சுருக்கலாம். மற்ற ஆப்களின் பின்னணி டேட்டாவை டேட்டா சேவர் மூலம் நிறுத்தலாம். 200 கேபி, நொடிக்கு 8 கேபி வீதம் 25 நொடியில் ஏறிவிடும். சுருக்கும் வேலையை மட்டும் போனில் ஏற்கெனவே இருக்கும் ஆப்பில் செய்ய வேண்டும். அதற்கென்று புது ஆப் இறக்கப் போனால் விடிந்துவிடும்.

உங்கள் வீட்டுக்கு எது சரி?

மறுநாள் ரீசார்ஜ் கடையில் அந்த அம்மா கேட்டார். "அண்ணே, அடுத்த தடவை 2 ஜிபி பேக்கா போட்டுடவா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும்தானேக்கா பத்தல? அதுக்கு எதுக்கு மாசம் பூரா 2 ஜிபி?"

கடைக்காரர் சொன்னதில் கணக்கு இருக்கிறது. நாளுக்கு 1.5-லிருந்து 2 ஜிபிக்கு மாறினால் காகிதத்தில் 14 ஜிபி கூடும். ஆனால், வேலை நாள்களில் 0.6 ஜிபிதான் செலவு என்பதால் அந்த 20 நாளின் கூடுதல் டேட்டா, அதாவது 10 ஜிபி, தொடாமலேயே அழியும். பயன்படப்போவது வார இறுதி எட்டு நாளின் 4 ஜிபி மட்டும். அந்த 4 ஜிபிக்கு, திட்டம் முடியும் வரை செல்லும் ஓர் ஆட்-ஆனின் விலையையும், 2 ஜிபி திட்டத்தின் கூடுதல் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் ரீசார்ஜ் அன்றைக்கே ஒப்பிடுவது நல்லது. வோடபோன் ஐடியாவின் சில திட்டங்களில் திங்கள் முதல் வெள்ளி வரை மிஞ்சுவதைச் சனி, ஞாயிறில் பயன்படுத்தும் வசதி உண்டு. இந்த அம்மாவைப் போன்றவர்களுக்கு அது பொருந்தும்.

2 ஜிபிக்கு மாறுவதில் நியாயம் இருக்கும் இடமும் ஒன்று உண்டு. 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பிறகு, ஜியோவும் ஏர்டெல்லும் அன்லிமிடெட் 5ஜி வசதியை நாளுக்கு 2 ஜிபி, அதற்கு மேற்பட்ட திட்டங்களோடு இணைத்தன. 5ஜி போனும், வீட்டில் நல்ல 5ஜி சிக்னலும் இருந்தால், 5ஜியில் செலவாவது தினசரி அளவில் கழியாது. வீட்டுக்குள் போனதும் போன் 4ஜிக்கு இறங்கிவிடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது தினசரி மீட்டர் ஓடத் தொடங்கிவிடும்.

மொத்த டேட்டா திட்டம் யாருக்கு? அழைப்புக்காகவே போன் வைத்திருப்பவர்களுக்கும், வீட்டில் வைஃபை இருப்பவர்களுக்கும். வாட்ஸ்அப் எழுத்துச் செய்தி, எப்போதாவது ஒரு யுபிஐ என்று நாளுக்கு 50 எம்பி செலவழிக்கும் தாத்தாவுக்கு 28 நாளுக்கு 1.4 ஜிபிதான் ஆகும். 2 ஜிபி மொத்தத் திட்டம் தாராளம்.

ஆனால், அதில் ஓர் ஆபத்தும் உண்டு. லீவுக்கு வந்த பேரன் தாத்தா போனில் கார்ட்டூன் பார்த்தால்? யூடியூபில் 480பி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு அரை ஜிபி வரை போகும். தரம் தானாக ஏறிவிட்டால் ஒரு ஜிபியையும் தாண்டும். ஒரே மதியத்தில் 2 ஜிபியும் தீரும். மீதி 24 நாளும் தாத்தாவுக்கு வாட்ஸ்அப் போட்டோகூட வராது. தினசரித் திட்டமாக இருந்திருந்தால் பேரனால் வரும் நஷ்டம் அன்றைய நள்ளிரவோடு முடிந்திருக்கும். மிச்சத்தைப் பறிக்கும் அதே 12 மணிதான் இங்கே காவலாகவும் நிற்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பும், நிறுவனத்தின் ஆப்பில் உங்கள் தினசரிப் பயன்பாடு காட்டப்பட்டால் கடந்த நான்கு வாரத்தைப் பாருங்கள். மாதச் சராசரியைப் பார்த்து ஏமாற வேண்டாம். அளவு தீர்ந்த நாள்கள் எத்தனை என்று எண்ணுங்கள். நான்கைந்து என்றால் ஆட்-ஆன் போதும். இருபது என்றால் பெரிய தினசரித் திட்டம்.

அந்த அம்மா 1.5 ஜிபியிலேயே தொடர்கிறார். மாமா போட்ட ஆட்-ஆனில் மிச்சம் இருக்கிறது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வரை காத்திருக்கக் கூடாது என்று மகளிடம் சொல்லியும் வைத்திருக்கிறார். அதற்கு மகள் என்ன பதில் சொன்னாள் என்பது அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.